100 நாள் ஸ்ட்ரீக் இருக்கு... ஜெர்மன் வருமா? ஒரு டெர்ம் பேப்பர் அவுட்லைன் கிளப்பிய கேள்வி

சித்தி பொண்ணு போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப் அனுப்பினாள். "அக்கா, டெர்ம் பேப்பர் அவுட்லைன். ஒரு தடவை பார்த்துச் சொல்லு. வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணணும்." தலைப்பு: 'மொழி கற்கும் ஆப்களில் கேமிஃபிகேஷனும் மாணவர்களின் ஊக்கமும்'. கீழே ஐந்து வரிகள். முன்னுரை, கேமிஃபிகேஷன் என்றால் என்ன, நன்மைகள், தீமைகள், முடிவுரை. முடிவுரைக்கு நேராக அடைப்புக்குறியில், 'ஊக்கம் அதிகரிக்கிறது' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள்.

பதில் போடுவதற்குள் இன்னொரு மெசேஜ். அவள் எடுத்திருக்கும் ஜெர்மன் எலெக்டிவ் வகுப்பில், வாரம்தோறும் ஆப்பில் எடுத்த எக்ஸ்.பி புள்ளிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டுமாம். அதற்கு இன்டர்னலில் 5 மார்க். "ஞாயித்துக்கிழமை நைட் ஹாஸ்டல்ல எல்லாரும் முதல் பாடத்தையே திரும்பத் திரும்பத் தட்டிட்டு இருப்போம்க்கா. ஹலோ, குட் மார்னிங், தேங்க்யூ. செம ஸ்பீடா எக்ஸ்.பி ஏறும்."

அவளுடைய டெர்ம் பேப்பர் அந்த பி.டி.எஃபில் இல்லை, இந்த இரண்டாவது மெசேஜில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

'கேமிஃபிகேஷன்' என்பது ஒரு பொருள் இல்லை

2011-ல் செபாஸ்டியன் டெட்டர்டிங்கும் சக ஆய்வாளர்களும் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். விளையாட்டு அல்லாத ஓர் இடத்தில் விளையாட்டு வடிவமைப்பின் கூறுகளைப் பயன்படுத்துவது. விளக்கம் சரிதான். ஆனால் 'கூறுகள்' என்று பன்மையில் இருப்பதைக் கவனிக்காமல்தான் பெரும்பாலான மாணவர் கட்டுரைகள் வழி தவறுகின்றன. புள்ளி, பேட்ஜ், ஸ்ட்ரீக், லீக் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'இது ஊக்கம் தருமா, தராதா?' என்று கேட்டால் பதிலும் மூட்டையாகத்தான் வரும்.

இதற்கு நல்ல சாட்சி டூலிங்கோ நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கிறது. அங்கே தலைமை புராடக்ட் அதிகாரியாக இருந்த ஹோர்ஹே மஸால், 2023-ல் எழுதிய ஒரு கட்டுரையில் தங்கள் சொதப்பலை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கார்டன்ஸ்கேப்ஸ் என்ற மொபைல் கேமைப் பார்த்து, அதில் வரும் 'இன்னும் இத்தனை மூவ்தான் மிச்சம்' என்ற கவுன்ட்டரை அப்படியே மொழிப் பாடத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பயனர்கள் திரும்பி வருவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பயனர்களிடம் இருந்து கருத்துகூடப் பெரிதாக வரவில்லை.

காரணத்தை அவரே யோசித்துச் சொல்கிறார். அந்த கேமில் ஒவ்வொரு மூவும் ஒரு முடிவு. எதை முதலில் நகர்த்துவது என்று மண்டையைக் குடைய வேண்டும். அதனால் மூவ் குறையக் குறையப் பதற்றம் கூடும். மொழிப் பாடத்தில் அந்த யோசனைக்கே இடமில்லை. 'ஆப்பிள்' என்பதற்கு ஜெர்மனில் என்ன என்று கேட்டால், ஒன்று தெரியும், இல்லை தெரியாது.

அதே நிறுவனம் பிறகு லீக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 30 பேரை ஒரு குழுவில் போட்டு, அந்த வாரம் யார் அதிக எக்ஸ்.பி எடுக்கிறார்கள் என்று வரிசைப்படுத்தும் முறை. மேலே இருப்பவர்கள் அடுத்த லீக்குக்குப் போவார்கள், கடைசியில் இருப்பவர்கள் இறங்குவார்கள். பிரான்ஸில் ஆரம்பித்து டைமண்ட் வரை 10 படிகள். இது ஓடியது. மொத்தக் கற்றல் நேரம் 17 சதவீதம் கூடியது என்றும், வாரத்தில் 5 நாள் தினமும் ஒரு மணி நேரமாவது செலவிடுபவர்களின் எண்ணிக்கை மூன்று மடங்கானது என்றும் மஸால் எழுதுகிறார்.

ஒரே ஆப், ஒரே மாதிரிப் பயனர்கள். ஒரு கூறு படுத்துவிட்டது, இன்னொன்று பறந்தது. அதனால் அவுட்லைனின் இரண்டாம் பகுதியில் 'கேமிஃபிகேஷன் என்றால் என்ன' என்று நான்கு பக்கம் எழுதுவதைவிட, 'நான் எடுத்துக்கொள்வது லீக் மட்டும்' என்று ஒரு வரி எழுதுவது மேல். அவளிடமும் முதலில் இதைத்தான் சொன்னேன்.

ஊக்கம் என்றால் எந்த ஊக்கம்?

இப்போது அந்த 17 சதவீதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கூடியது நேரம். ஆப்பைத் திறப்பதற்கான ஊக்கம் கூடியது என்று அதை வைத்துத் தாராளமாகச் சொல்லலாம். ஜெர்மன் கற்பதற்கான ஊக்கம் கூடியது என்று சொல்ல முடியுமா? இரண்டும் ஒன்றாகவே நடந்தால் பிரச்சினை இல்லை. ஹாஸ்டலின் ஞாயிறு இரவு, இரண்டும் பிரியும் இடத்தைக் காட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆப்புக்கு ஆப் மாறும். ஒரு பாடம் முடித்தால் 10 எக்ஸ்.பி என்று வைத்துக்கொள்வோம். ஏற்கெனவே தெரிந்த பாடம் 2 நிமிடத்தில் முடியும். ஜெர்மனின் வேற்றுமை உருபு மாற்றங்கள் வரும் புதுப் பாடம், தப்புத் தப்பாகப் போட்டுத் திருத்தி முடிக்க 6 நிமிடம் ஆகும். அரை மணி நேரம் இருக்கிறது. பழைய பாடத்தையே தட்டினால் 15 முறை முடிக்கலாம், 150 எக்ஸ்.பி. புதுப் பாடத்தில் உட்கார்ந்தால் ஐந்து முடியும், 50 எக்ஸ்.பி. ரேங்க் பட்டியலில் முதல் ஆள் மேலே, இரண்டாவது ஆள் கீழே. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் புதிதாக ஏதாவது கற்றது இரண்டாவது ஆள் மட்டும்தான்.

இங்கே அந்த மாணவியைச் சோம்பேறி என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அவள் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாள். அளவுகோல் எதற்குப் புள்ளி கொடுக்கிறதோ அதைச் செய்திருக்கிறாள். அந்த அளவுகோலின் மேல் கல்லூரி 5 மார்க்கையும் வைத்துவிட்டால், புதுப் பாடம் படிப்பவர்தான் ஏமாளி. ஊக்கம் குறைந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஞாயிறு இரவு 11 மணிக்கு ஹாஸ்டலில் ஊக்கம் கொடிகட்டிப் பறக்கிறது. அது எதன் மேல் என்பதுதான் கேள்வி.

ஸ்ட்ரீக்கிலும் இதே கதை, வேறு வடிவத்தில். ஒரு நாளைக்கு ஒரு பாடம் முடித்தாலே ஸ்ட்ரீக் நிற்கும். தினம் 3 நிமிடம் என்று வைத்தால் 100 நாளுக்கு 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். ஜெர்மனில் ஆரம்ப நிலையான ஏ1 தேர்வுக்குத் தயாராக, 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்கிறது கோதே இன்ஸ்டிட்யூட் (சென்னைவாசிகளுக்கு நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன்). குறைந்தபட்சமான 80-ஐ எடுத்தாலே 60 மணி நேரம். தினம் 3 நிமிட வேகத்தில் போனால் 1,200 நாட்கள். மூன்று வருடத்துக்கு மேல்! வேலைக்காக ஜெர்மனி போக பி1 தேவைப்படுபவர்களின் கணக்கை நான் போடவே போவதில்லை.

அப்போ இதெல்லாம் வேஸ்ட்டா?

இல்லை. இந்த இடத்தில் எதிர்த் தரப்பை எளிதாகக் கடந்துபோகக் கூடாது. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஷான் லோவன் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று 2019-ல் வெளியானது. 9 பேர், 12 வாரம், டூலிங்கோவில் துருக்கி மொழி. சுவாரஸ்யம் என்னவென்றால் அந்த 9 பேரும் இந்தத் துறையின் ஆட்கள்தான், தங்களையே சோதித்துக்கொண்டார்கள். முடிவில் எல்லாருக்கும் கொஞ்சம் துருக்கி வந்திருந்தது. அதிக நேரம் செலவிட்டவர்கள் பொதுவாக அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகத்தின் முதல் பருவத் துருக்கித் தேர்வில் தேறியவர் ஒரே ஒருவர்.

நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது என்பது இதில் தெளிவு. லீக் நேரத்தைக் கூட்டுகிறது என்றால், கற்றலையும் ஓரளவு கூட்டலாம். 'கேமிஃபிகேஷன் வெறும் போதை' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இந்தச் சங்கிலியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த வகைக் கட்டுரைகள் மேல் ஒரு சலிப்பே உண்டு.

அதனால் என் சந்தேகம் ஆப் ஓடும் காலத்தைப் பற்றியது இல்லை. புள்ளி நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. இதற்கு ஊக்கத்தைப் பற்றிய ஆய்வுகளில் மிகப் பழைய, மிக அழகான ஒரு சோதனை இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் செய்து 1973-ல் வெளியிட்டது. முதலில் ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதை விரும்பும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று குழுக்கள். முதல் குழுவிடம், 'படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம்' என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது குழுவிடம் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று பார்த்தார்கள். முன்பே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கிய குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை.

பரிசு கெடுக்கவில்லை. 'இதற்காகத்தான் இதைச் செய்கிறேன்' என்று பரிசு ஆகிவிட்டதுதான் கெடுத்தது. வாராவாரம் ஸ்கிரீன்ஷாட், அதற்கு மார்க் என்பது முன்பே சொல்லி வைத்த பரிசின் அசல் வடிவம்.

குழந்தைகளை வைத்துக் கல்லூரி மாணவர்களைப் பேசலாமா என்று கேட்டால், நியாயமான கேள்வி. அதற்கு ஹானஸ், ஃபாக்ஸ் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே பாடத்தை எடுத்த இரண்டு கல்லூரி வகுப்புகள். ஒன்றில் பேட்ஜும் லீடர்போர்டும், இன்னொன்றில் எதுவும் இல்லை. 16 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். நாள் போகப் போக, பேட்ஜ் வகுப்பில் ஊக்கமும் திருப்தியும் இன்னொரு வகுப்பைவிடக் குறைந்தன. உள்ளார்ந்த ஆர்வம் குறைந்ததன் வழியாக இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் அடிவாங்கியது. அது மொழி வகுப்பு இல்லை, ஆப்பும் இல்லை. அதனால் இந்த முடிவைத் தூக்கி ஜெர்மன் எலெக்டிவ் மேல் வைத்துவிட முடியாது. ஆனால் 16 வாரம் என்பதைக் கவனியுங்கள். புதுசு என்ற கவர்ச்சியிலேயே முதல் இரண்டு மூன்று வாரம் எதுவும் ஓடும். இரண்டு வாரத்தில் சர்வே எடுத்து 'ஊக்கம் அதிகரிக்கிறது' என்று எழுதும் டெர்ம் பேப்பர்கள் பார்ப்பது அந்தக் கவர்ச்சியைத்தான்.

சரி, அவுட்லைன் எப்படி மாறியது?

இரண்டு மணி நேர போன் காலுக்குப் பிறகு இப்படி ஆனது. நன்மை, தீமை இரண்டு பகுதிகளும் போய்விட்டன. கேள்வி ஒன்றே ஒன்று: லீக் இருக்கும்போது படித்தவர்கள், படிக்கச் சொல்லி யாரும் கேட்காதபோதும் படிக்கிறார்களா?

அவள் வகுப்பில் 40 பேர். சீட்டுக் குலுக்கி 20, 20 ஆகப் பிரிப்பது. ஒரு பாதி வழக்கம்போல லீக்கோடு. இன்னொரு பாதி, ஆப்பின் பிரைவஸி செட்டிங்கில் புரொஃபைலை பிரைவேட் ஆக்கிவிடுவது. டூலிங்கோவில் அப்படிச் செய்தால் லீடர்போர்டில் இருந்து வெளியே வந்துவிடுவோம், பாடங்களும் ஸ்ட்ரீக்கும் அப்படியே இருக்கும். இந்த ஒரு பட்டன்தான் மொத்த ஆய்வின் உயிர். லீக்கைக் கழற்றிவிட்டு, பாடங்களையும் ஸ்ட்ரீக்கையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிகிறது. சும்மா இரண்டு வகுப்புகளை ஒப்பிட்டால், வித்தியாசம் லீக்கால் வந்ததா, அந்த வகுப்பு எடுத்த ஆசிரியரால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது.

6 வாரம் ஓட்டுவது. எக்ஸ்.பியை எண்ணுவதில்லை, மேலே பார்த்த காரணத்துக்காக. பதிலாக, போனிலேயே இருக்கும் ஸ்கிரீன் டைம் கணக்கில் இருந்து ஆப்பில் இருந்த நிமிடங்களை வாரம் ஒருமுறை குறித்துக்கொள்வது. பழைய வாரங்களின் கணக்கை போன் ரொம்ப நாள் வைத்திருக்காது, கடைசியில் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு. கூடவே வாரம் 20 சொல், ஆப் இல்லாமல். எல்லாரும் கடக்க வேண்டிய பாடங்களில் இருந்து எடுத்து, காதால் கேட்டு, வாயால் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தட்டுவது சுலபம். வாக்கியம் வாயில் வருவதுதான் சோதனை.

ஏழாவது வாரம் தொடங்கும்போது ஆசிரியர் வகுப்பில், 'இனி ஆப் தேவையில்லை, விருப்பம் இருந்தால் பாருங்கள்' என்று சொல்லிவிடுவது. லீக் குழுவும் புரொஃபைலை பிரைவேட் ஆக்கிவிட வேண்டும். அடுத்த 2 வாரம் யார் ஆப்பைத் திறக்கிறார்கள் என்று அதே ஸ்கிரீன் டைமில் பார்ப்பது. இதுதான் மழலையர் பள்ளியில் பேனாவைச் சும்மா வைத்த கட்டம். கட்டுரையின் கனம் முழுக்க இந்த 2 வாரத்தில் இருக்கிறது.

என்ன வந்தால் என்ன அர்த்தம் என்பதையும் முன்பே அவுட்லைனில் எழுதிவிடச் சொன்னேன். எண்கள் வந்த பிறகு கதை கட்டுவது சுலபம். லீக் குழு அதிக நிமிடம் போட்டு, 20 சொல்லில் முன்னேற்றம் இல்லை என்றால், அது ஹாஸ்டல் ஞாயிறு. நிமிடமும் சொல்லும் கூடி, கடைசி 2 வாரத்தில் மட்டும் மற்ற குழுவைவிடக் கீழே விழுந்தால், தூக்கிப் பிடித்தது புள்ளிதான். மூன்றிலும் லீக் குழுவே முன்னால் நின்றால், நான் இங்கே எழுதியிருக்கும் சந்தேகம் அந்த வகுப்பைப் பொறுத்தவரை தப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. 20 பேர் என்பது சின்னக் குழு. இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தாலே சராசரி ஆடும். ஒரே ஹாஸ்டலில் இருப்பதால் பிரைவேட் குழு பக்கத்து பெட்காரியின் லீக்கை எட்டிப் பார்க்கும். யாராவது நடுவில் செட்டிங்கை மாற்றினார்களா என்று வாராவாரம் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரீக் இரண்டு பக்கமும் ஓடுவதால் அதைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. ஸ்ட்ரீக் அறுந்தவர்களிடம் 'மறுநாள் என்ன செய்தாய்?' என்று கேட்பது. மறுநாளே ஒன்றில் இருந்து தொடங்கியவருக்கும், ஆப்பையே அன்-இன்ஸ்டால் செய்தவருக்கும் அதுவரை ஸ்ட்ரீக் செய்த வேலை ஒன்றல்ல. இதை அவள் பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அந்த 5 மார்க். அது இருக்கும்வரை இரண்டு குழுவும் மார்க்குக்காகத்தான் ஆப்பைத் திறக்கும், லீக்கின் வேலை தனியாகத் தெரியவே தெரியாது. 8 வாரத்துக்கு மட்டும் ஸ்கிரீன்ஷாட் மார்க்கை நிறுத்திவைக்க முடியுமா, அதை வாராந்திர 20 சொல் தேர்வில் எல்லாரும் கலந்துகொள்வதற்கான மார்க்காக மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்கச் சொன்னேன்.

கேட்டிருக்கிறாள். "நாப்பது பேரை வாரா வாரம் உக்கார வெச்சு ஓரல் கேக்க எனக்கு ஏதும்மா நேரம்? ஸ்கிரீன்ஷாட்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றாராம் மேடம். பிறகு கொஞ்ச நேரம் அவுட்லைனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவு எந்தப் பாடத்தைத் தட்டுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை டிபார்ட்மென்ட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.